விதைப்பையில் அடிபட்டால்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

விளையாடும்போது பந்தோ சக மாணவனின் முழங்காலோ பட்டு விதைப்பையில் அடிபடுவது அரிதன்று. பெரும்பாலும் அந்த வலி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காத வலியையும், அடங்கிய பின் திரும்பும் வலியையும் பற்றியே இக்கடிதம்.

சென்ற பருவத்தில் 13 வயது மாணவன் ஒருவனுக்கு மாலை 5 மணிக்குப் பந்து பட்டது. அரை மணியில் வலி குறைந்து, நடந்தே வீடு சென்றான். இரவு 9 மணிக்கு வலி திடீரெனக் கடுமையாகத் திரும்பி, இருமுறை வாந்தியும் வந்தபோது, கூச்சத்தால் வயிற்றுவலி என்று மட்டுமே சொன்னான். தந்தை தனியே அழைத்துக் கேட்ட பிறகே, ஒரு பக்கத்து விதை மேலேறி வீங்கியிருப்பது தெரிந்தது. டாப்ளர் ஸ்கேனில் அந்த விதைக்கு இரத்தம் செல்லவில்லை என்று தெரிய, நள்ளிரவுக்குள் அறுவை சிகிச்சை நடந்து விதை காப்பாற்றப்பட்டது. பெற்றோரின் இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.

இரத்தக் குழாய்களைத் தாங்கிய நாண் முறுக்கிக்கொண்டதே அங்கு நடந்தது. அடிபடாமலும் இது நேரும். ஆனால் அடிபட்ட நாளில் நேர்ந்தால், எல்லா வலியையும் அந்த அடியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். முறுக்கிய நேரத்திலிருந்து சுமார் 6 மணி நேரத்துக்குள் அதை விடுவித்தால் விதை பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் அவ்வாய்ப்பு வேகமாகக் குறையும். மற்றொரு ஆபத்து, விதையின் உறை கிழிவது. அப்போது விதைப்பை இரத்தம் கட்டிக் கறுத்து, உள்ளே விதையைத் தொட்டுணர முடியாதபடி வீங்கும்.

ஆகவே ஒரு மணி நேரம் கடந்தும் வலி நீடித்தாலோ, விட்டுத் திரும்பினாலோ, வீக்கமோ கன்றிய நிறமோ பரவினாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு விதை மேலேறியோ குறுக்காகவோ தெரிந்தாலோ, சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள். மயக்க மருந்து தர நேரலாம் என்பதால் வழியில் உணவு எதுவும் தர வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். அதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

முறுக்கம் என்று மருத்துவர் உறுதியாகக் கருதினால், ஸ்கேனுக்குக் காத்திராமலேயே அறுவை சிகிச்சைக்குச் செல்வதுண்டு. அது அவசரப்பட்ட முடிவன்று. ஸ்கேன் இயல்பாக இருந்து வீடு திரும்பிய பின் வலி மீண்டும் வந்தால், அதே இரவில் மறுபடியும் செல்லுங்கள். சில வாரங்கள் ஆகியும் வற்றாத வீக்கமோ கட்டியோ இருந்தால், அடிக்கு முன்பே அங்கிருந்த வேறு நோயாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மைதானத்தில் இவ்வாறு அடிபட்ட மாணவனின் பெற்றோருக்கு, அவன் வலி தணிந்துவிட்டதாகச் சொன்னாலும், உடற்கல்வி ஆசிரியர் அன்றே தொலைபேசியில் நேரத்துடன் தெரிவிப்பார். அன்றிரவு உறங்கும் முன் மகனிடம் தனிமையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்