வராத ஆறு மூட்டைக்குக் காவலாளியின் சம்பளத்தில் கைவைத்தவர்களுக்கு

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

திருகோணமலைக் களஞ்சியத்தின் காப்பாளர் எழுதிக்கொள்வது. இதே விஷயத்தை இரண்டு தடவை உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் இரவுக் காவலாளியின் சம்பளத்தில் ஆறு மூட்டைச் சீனியின் விலையைத் தவணை முறையில் வெட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். அது அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். அந்த ஆறு மூட்டையும் களஞ்சியத்துக்கு வரவே இல்லை. வெட்டியதைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அன்றிரவு நல்ல மாரி மழை. கொழும்பிலிருந்து பத்துச் சில்லு லொறி வந்து சேரும்போது இரவு 1.40. டெலிவரி நோட்டில் 50 கிலோ மூட்டை 300 என்று இருந்தது. லொறியைக் காலை வரை நிறுத்தி வைத்தால் காத்திருப்புக் கூலி கட்ட வேண்டும் என்பதால், போன வருடத்திலிருந்து களஞ்சியச் சாவியைக் காவலாளியிடமே விட்டுப் போகச் சொன்னீர்கள். அதனால் கதவைத் திறந்ததும் நான்கு நாட்டாமைகளைக் கூப்பிட்டு இறக்கியதும் அவர்தான்.

அந்த நேரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர். ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் பழைய கலண்டர் மட்டையும் பேனையும். நனைந்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகின்றன. மூட்டைக்கு ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்குக் கோடு. வாசல் படலையையும் அவர்தான் பார்க்க வேண்டும். இறக்குமிடத்து மின்குமிழ் எரியாமல் போய்ப் பல மாதமாகிறது. புதிது கேட்டு மூன்று முறை எழுதினேன். இருட்டில் எண்ணச் சொல்கிறீர்கள், மழையில் நிற்கச் சொல்கிறீர்கள், பிழை வந்தால் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். இந்த ஊரில் எத்தனையோ களஞ்சியங்களில் காவலாளிக்கு உட்கார ஒரு கதிரைகூடக் கிடையாது. மன்னிக்க வேண்டும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

இறக்கி முடிந்தபோது அவருடைய மட்டையில் 294 இருந்தது. சாரதி, லொறித் தட்டிலிருந்து தான் எண்ணியது 300 என்றார். கிண்ணியாக்காரர், இரண்டு இரவாக நித்திரை இல்லை, விடியுமுன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். "ஐயா, சைன் வையுங்கோ, நான் போகணும்" என்று அவசரப்படுத்தினார். காவலாளி மறுத்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நான் போய்ச் சேர மூன்றரை மணி.

நான் கோடுகளை எண்ணவில்லை, அடுக்கைப் பார்த்தேன். எங்கள் களஞ்சியத்தில் ஒரு வரிசைக்கு ஐந்து மூட்டை. நெடுக்கில் மூன்று, குறுக்கில் இரண்டு, அடுத்த வரிசையில் அதை மாற்றி வைப்போம். பத்து வரிசை ஏறினால் ஐம்பது. 300 மூட்டை வந்திருந்தால் ஆறு அடுக்கும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஐந்து அடுக்கு நிறைந்திருந்தது. ஆறாவதில் எட்டு வரிசையும் மேலே நான்கு மூட்டையும்தான். மொத்தம் 294. காவலாளியின் கணக்குச் சரி.

உண்மையைச் சொன்னால், அப்போது என் சந்தேகம் சாரதி மேல்தான் போனது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் எங்காவது இறக்கியிருப்பார் என்று நினைத்து, "நானா, வழியில எங்க நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கழற்றிய படங்கின் கயிற்றை எடுத்துக் காட்டினார். சீல் இலக்கம் நோட்டில் இருந்ததோடு ஒத்துப்போனது. ஆனால் சீலை மட்டும் நம்ப முடியாது, கயிற்றைத் தளர்த்திப் பக்கவாட்டால் மூட்டை எடுப்பவர்களும் உண்டு. அப்படித் தளர்த்தினால் முடிச்சு இடம் மாறும், பழைய மடிப்பு வேறாகவும் புதிய மடிப்பு வேறாகவும் தெரியும். இந்தக் கயிற்றில் ஒரே மடிப்புதான், அதில் சேறு ஒரே சீராகப் படிந்திருந்தது.

அப்போதுதான் காவலாளி கேட்டார்: "தம்பி, ஏத்தின இடத்தில நிறுத்த துண்டு இருக்குமே?" முன்பு நெல்லுக் களஞ்சியத்தில் வேலை செய்தவர். அது எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

சாரதி கபினுக்குள் தேடித் துண்டை எடுத்து வந்தார். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் லொறியை நிறுத்த நிறை அதில் இருந்தது. வெறும் லொறி 9,905 கிலோ. பாரத்துடன் 24,640. சரக்கு மட்டும் 14,735. சாக்கு ஏறக்குறைய 120 கிராம், அதையும் சேர்த்து 300 மூட்டை என்றால் 15,036 கிலோ வர வேண்டும். 301 கிலோ குறைகிறது. 294 மூட்டைக்குப் பார்த்தால் கணக்கு அப்படியே 14,735இல் வந்து நிற்கிறது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டைக் குறைவை இந்தத் துண்டு நிச்சயமாகக் காட்டாது. இரண்டு நிறுவைக்கும் இடையில் 100 லீற்றர் டீசல் அடித்தாலே 80 கிலோவுக்கு மேல் மாறிவிடும். ஆனால் டீசல் எண்ணெய் சரக்கின் நிறையைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆகவே ஆறு மூட்டையும் கொழும்பிலேயே ஏறவில்லை. திருட்டுமில்லை, வழியில் இறக்கவுமில்லை. ஏற்றிய இடத்தில் யாரோ பிழையாக எண்ணியிருக்கிறார்கள்.

சாரதி தானே பேனையை வாங்கி டெலிவரி நோட்டில் 294 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். காவலாளியும் வைத்தார், நானும் வைத்தேன். நிறுத்த துண்டைப் படம் எடுத்துக் காலை எட்டு மணிக்கு முன்பே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அன்று போயா. அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை நீங்கள் முறைப்பாட்டை அனுப்பியபோது, 24 மணித்தியாலம் கடந்துவிட்டது என்று வழங்குநர் மறுத்துவிட்டார். முழு விலையையும் கட்டிவிட்டு, காவலாளியின் சம்பளத்தில் கைவைத்தீர்கள். நோட்டில் குறைவை எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம். 15 தொன் சரக்கை நடுஇரவில் பொறுப்பேற்க அவருக்கு அதிகாரம் கொடுத்தது நீங்கள்தானே? ஆறு மூட்டை குறைகிறது என்று எழுத மட்டும் எப்படி அதிகாரம் இல்லாமல் போகும்?

அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பளத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வேலைக்கு நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அன்று அவர் தூக்கக் கலக்கத்தில் 300க்குக் கையெழுத்து வைத்திருந்தால், குறைவு எங்கே நடந்தது என்று நம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சரியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான்.

தயவுசெய்து வெட்டிய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். இரவில் வரும் லொறிக்கு "சீல் பார்த்தேன், எண்ணவில்லை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வைக்க அவருக்கு எழுத்தில் அனுமதி தாருங்கள். விடிந்ததும் நான் வந்து எண்ணி இறக்குகிறேன். நிறுத்த துண்டு இல்லாமல் வரும் நோட்டில் இனி நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை, அதையும் மரியாதையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்த சீனி லொறி செவ்வாய் இரவு வருகிறது. அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது. மின்குமிழையும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
களஞ்சியக் காப்பாளர்,
திருகோணமலை