21 மில்லிமீட்டர்

குடியாத்தம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போனில் அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அப்புறம் மாப்பிள்ளை, உன் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினார். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நின்றவள் நான். பேச ஆரம்பித்தால் எனக்கும் அழுகை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

"வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது 33 என்றார்கள், அரை மணி நேரத்தில் 21 ஆகிவிட்டதே" என்றாய். எதுவும் சுருங்கவில்லை கண்ணு. முதலில் பார்த்தபோது உனக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தது. நிறைந்த பை கர்ப்பப்பை வாயை அழுத்தி நீளமாகக் காட்டும். அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, கீழ்வழியாக, பிறப்புறுப்புக்குள் கருவியை வைத்துப் பார்த்தார்கள் இல்லையா? அதுதான் நம்பக்கூடிய அளவு. அதிலும் கருவியை அழுத்தி வைத்தால் நீளம் கூடித் தெரியும். அதனால்தான் சில நிமிஷம் காத்திருந்து, மூன்று முறை அளந்திருக்கிறார்கள்: 23, 22, 21. மூன்றில் சிறியதைத்தான் எழுதுவார்கள். உனக்குப் பார்த்தவர் அவசரப்படாமல் செய்திருக்கிறார்.

இந்த 20 வாரத்தில் பெரும்பாலும் 35, 40 மில்லிமீட்டர் இருக்கும். 24 வாரத்துக்குள் 25 அல்லது அதற்குக் கீழே வந்தால் குட்டை என்பார்கள். உன் ஆயாவின் சுருக்குப் பையை நினைத்துக்கொள். கயிறு இழுத்த கழுத்து நீளமாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம். கர்ப்பப்பை வாய் பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்துதான் திறக்கத் தொடங்கும். வெளிவாய் மூடியே இருக்கும், வலியும் இருக்காது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் விரலால்தான் பார்ப்போம். "வாய் மூடியிருக்கிறது, போய் வா" என்று அனுப்பிய ஒரு பெண் சில நாளிலேயே ஆறாம் மாதப் பிரசவத்துக்கு வந்தாள். விரலுக்கு எட்டாததை இந்த ஸ்கேன் காட்டிவிடுகிறது. உன் ரிப்போர்ட்டில் உள்வாய் விரியவில்லை என்று போட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

21 என்றால் சீக்கிரம் பிறந்துவிடும் என்று அர்த்தமில்லை. குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட உனக்கு அதிகம், அவ்வளவுதான். இந்த அளவு வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் 35 வாரத்தைத் தாண்டுகிறார்கள். அளவு குறையக் குறையத்தான் ஆபத்து கூடும். 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது வேறு பேச்சு.

டாக்டர் எழுதிய புரோஜெஸ்டிரான் 200 மில்லிகிராம் மாத்திரையை ராத்திரி படுக்கும்போது கீழ்வழியாக வை. ஒற்றைக் குழந்தையைச் சுமக்கிற, வாய் குட்டையான பெண்களுக்கு இது 33 வாரத்துக்கு முன் பிறக்கும் வாய்ப்பை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கிறது. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, அநேகமாக 36 வாரம்வரை, ஒரு நாளும் விடாதே. காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் கசியும். அது மாத்திரையின் மிச்சம், பயப்படாதே. ஆனால் தண்ணீர் மாதிரி துணி நனைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, அடிவயிற்றில் பாரம் இறங்குகிற மாதிரி இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ.

கர்ப்பப்பை வாயில் தையல் போட வேண்டாமா என்று உன் அத்தை கேட்டாராம். முன்பே குறைமாதத்தில் பெற்றவளாக இருந்து இந்த அளவும் வந்திருந்தால் டாக்டரே தையலைப் பற்றிப் பேசியிருப்பார். உனக்கு இது தலைப்பிரசவம். இரண்டு வாரத்தில் மறுபடி அளக்கும்போது நன்றாகக் குறைந்திருந்தால் அப்போது யோசிப்பார்கள்.

இன்னொன்று. காலைத் தூக்கி வைத்துப் படுத்தே கிட என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் வார்டில் அப்படித்தான் சொன்னேன். படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதில்லை. காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளலாம், உடம்பில் தெம்பு போகும். வீட்டு வேலையை மெல்லச் செய், நட. கனமாக எதையும் தூக்காதே. தாம்பத்தியம் பற்றி டாக்டரிடமே கேட்டுக்கொள், வெட்கப்படாதே.

அத்தை மனம் நோகாமல் பேசு. அவரும் பயத்தில்தான் சொல்கிறார்.

அடுத்த ஸ்கேனுக்கு நான் கூட வருகிறேன். காட்பாடியில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் பெங்களூரு வந்துவிடுவேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவருகிறேன். அன்றைக்கும் அளக்கிறதற்கு முன்னால் சிறுநீர் கழித்துவிட்டுப் போ.

உன் அம்மா