ஏப்ரல் 7, ஜூலை 4 ஆன கதை

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் பிறந்த என் பேத்தியைக் கீழக்கரையில் பள்ளியில் சேர்த்தோம். பிறப்புச் சான்றிதழில் 04/07/2019 என்று இருந்தது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அதை ஜூலை 4 என்று எடுத்துக்கொண்டார். நாங்களும் கவனிக்காமல் கையெழுத்திட்டோம். ஆனால் அவள் பிறந்தது ஏப்ரல் 7. அந்த நாட்டில் மாதம்தான் முதலில் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே சான்றிதழில் பதிவு செய்த தேதி 04/15/2019 என்று இருந்தது. பதினைந்தாம் மாதம் ஏது? அப்படியானால் முன்னால் இருப்பது மாதம். எல்லா எண்களும் 12-க்குள் இருந்தால் குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருக்கும்.

நம் படிவங்களில் நாள்தான் முதலில். நிரப்பித் தருபவரிடம் சான்றிதழை மட்டும் நீட்டாமல், ‘7 ஏப்ரல் 2019’ என்று மாதப் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், கீழக்கரை