புத்தகத்துக்கு ஒரு படுக்கை

சவுத்தால், லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். நான் அனுப்பிய, சீக்கியர்களின் வழிபாட்டு இடமான குருத்துவாராவின் படத்தைப் பார்த்துவிட்டு, "புத்தகத்துக்கு எதற்குச் சாமரம் வீசுகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். சீக்கியர்களுக்கு அதுதான் குரு. குரு நானக்கிலிருந்து பத்துக் குருமார்கள் இருந்தார்கள். பத்தாவது குருவான கோவிந்த் சிங், 1708-இல் நாந்தேடில் மறைவதற்கு முன், தமக்குப் பின் மனிதர் யாரும் குரு அல்லர், குரு கிரந்த சாகிப் என்ற இந்தப் புனித நூலே என்றென்றைக்கும் குரு என்று சொல்லிவிட்டார். அதனால் ஓர் அரசர் கொலுவிருந்தால் என்னென்ன மரியாதை செய்வார்களோ, அத்தனையும் இங்கே உண்டு.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுடன் விடியற்காலையில் ஒருநாள் போனேன். குளிர்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பது பெரிய தவம்தான்! தலையையும் மூடிக்கொள்ள வேண்டும். இரவில் கிரந்தம் தனி அறையில், விரித்த படுக்கையில் இருக்கிறது. காலையில் ஒருவர் அதைத் துணியில் சுற்றித் தலைமேல் தாங்கி வர, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். விதானத்தின் கீழ் உள்ள மேடையில், மெத்தை தலையணைகள்மேல் வைத்துத் திறக்கிறார்கள். இதற்குப் பிரகாஷ் என்று பெயர். படிக்காத நேரத்தில் ருமாலா என்ற அழகிய துணியால் மூடியிருக்கும். இரவு மறுபடி மூடி அறைக்குக் கொண்டுபோவது சுகாசன்.

திறந்தபின் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படிப்பவர் பக்கம் தேடுவதில்லை. நூல் எங்கே திறக்கிறதோ, அங்கே இடப்பக்கத்தின் உச்சியில் உள்ள பாடலைப் படிக்கிறார். அந்தப் பாடல் முந்தைய பக்கத்திலேயே தொடங்கியிருந்தால், பாதியிலிருந்து படிக்காமல், பின்னால் திருப்பி முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். அதுவே அன்றைக்குக் குருவின் கட்டளை, ஹுக்கம். வாய்த்த பாடல் சில நாள் கபீருடையதாக இருக்கும், சில நாள் சூஃபி ஞானி ஃபரீதுடையதாக இருக்கும். குருமார்கள் பாடல்களோடு அவர்கள் பாடல்களும் உள்ளேயே இருக்கின்றன. அச்சுப் பிரதி எங்கிருந்தாலும் 1430 பக்கம்தான். அமிர்தசரஸில் இன்று எந்தப் பக்கம் வந்தது என்று சொன்னால், இங்கே அதே பக்கத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான். வீட்டுக்கார அம்மாவின் பேத்திக்குச் சென்ற மாதம் பெயர் வைத்தார்கள். ஹுக்கமாக வந்த பாடலின் முதல் எழுத்து 'ஜ'. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைப் பெற்றோரே தேர்ந்தெடுத்தார்கள், பின்னால் சீக்கியப் பெண்களுக்குரிய கவுர் சேர்த்தார்கள். பாட்டிக்கு மனத்தில் 'ப'வில் ஒரு பெயர் இருந்ததாம். ஆனால் வாய் திறக்கவில்லை!

நீ நினைப்பது போல் காகிதத்துக்குப் பூசை இல்லை. தீபாராதனை, நைவேத்தியம் எதுவும் அங்கே காட்டுவதில்லை. உள்ளே இருக்கும் சொல்லுக்குத்தான் தலை வணங்குவதாக அந்த அம்மா சொன்னார். அந்தச் சொல்லை முதலிலிருந்து முடிவுவரை, ஆள் மாற்றி ஆள், இரவும் பகலும் நிறுத்தாமல் படிப்பதும் உண்டு. அகண்ட பாடம் என்கிறார்கள். ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். அடுத்தவர் வந்து அமர்ந்து அதே வரியைப் பிடித்த பிறகுதான் முந்தையவர் எழுகிறார்.

பேத்தி வீட்டில் அடுத்த வாரம் அகண்ட பாடம் வைக்கிறார்கள். நள்ளிரவு முறைக்காரர்களுக்குத் தேநீர் போடுவது என் பொறுப்பு. அம்மாவிடம் இஞ்சி தட்டிப் போடும் அளவைக் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா