0.099 விநாடி: துப்பாக்கிக்கு முன்பா, பின்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022-ல் யூஜின் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் 110 மீட்டர் தடை ஓட்டம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்க வீரர் டெவன் ஆலன் இறுதிப் போட்டியில் "துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடத் தொடங்கியதால்" வெளியேற்றப்பட்டார் என்ற வரி சரியல்ல. அவர் வெடித்த பிறகுதான் புறப்பட்டார். வெடித்து 0.099 விநாடி கழித்து. விதிப்படி 0.100 விநாடிக்குக் குறைந்தால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது தவறான புறப்பாடு. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அவரை இறுதிப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. அன்றைய அரையிறுதியில் அவருடைய எதிர்வினை நேரம் 0.101. அது செல்லும், இது செல்லாது.

முப்பது வருடம் பள்ளி மைதானங்களில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டராக நின்றவன் என்பதால், அந்த எண் எதை அளக்கிறது என்று எழுதத் தோன்றுகிறது. உதைத்துக் கிளம்ப வைத்திருக்கும் பிளாக்கை விட்டுக் கால் கிளம்பும் நேரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 'செட்' சொன்னதும் ஓட்டக்காரர் இடுப்பை உயர்த்தி, இரு பாதங்களையும் பிளாக்கின் சரிவான தகடுகளில் அழுத்தி அசையாமல் நிற்கிறார். அப்போதே பாதத்தில் ஓரளவு அழுத்தம் இருக்கிறது. வெடிச் சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், கட்டளை நரம்பு வழியே இறங்கி, தொடைத் தசை இறுகி, அந்த அழுத்தம் ஏற ஆரம்பிக்கிறது. பிளாக்கில் பொருத்திய உணர்கருவி அந்த ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கணத்தை எதிர்வினை நேரமாகக் குறிக்கும். பாதம் தகட்டை விட்டு விலகுவது அதற்கும் வெகு பின்னால்.

எந்த அளவைத் தாண்டினால் 'புறப்பட்டார்' என்று கொள்வது? அதைக் கருவி செய்தவர்களின் கணக்குமுறை தீர்மானிக்கிறது. ஒரே உதைப்பை இரண்டு கருவிகள் விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசத்தில் காட்டக்கூடும். யூஜினில் பதிவான எதிர்வினை நேரங்கள் மற்ற உலகப் போட்டிகளை விடப் பொதுவாகவே குறைவாக இருந்தன என்று புள்ளிவிவரம் பார்த்தவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். அங்கே 0.099-க்கும் 0.100-க்கும் நடுவே கோடு போட்டதுதான் என்னை உறுத்துகிறது.

சத்தத்தைக் கேட்டு எவராலும் 0.1 விநாடிக்குள் உதைக்க முடியாது, அதற்குள் உதைத்தால் ஊகித்துத்தான் உதைத்திருப்பார் என்பதே இந்த எல்லைக்குக் காரணம். ஆனால் சர்வதேசத் தடகளச் சம்மேளனமே செய்வித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. பின்லாந்து ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வு, எல்லையை 0.080 அல்லது 0.085-க்குக் குறைக்கலாம் என்றது. சோதித்தவர்கள் மிகச் சிலர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதை அப்படியே அலமாரியில் வைத்திருக்க வேண்டுமா?

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2003-க்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தவறு மன்னிக்கப்பட்டது. பிறகு மொத்த வரிசைக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பு. அதனால் முதல் தவறைச் செய்தவர் தப்பித்தார், அடுத்து எவர் பிசகினாலும் அவர் வெளியே. 2010 முதல் தனி ஓட்டங்களில் முதல் தவறுக்கே வெளியேற்றும் கறுப்பும் சிவப்புமான அட்டை. 2011-ல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகப் போட்டியில் உசேன் போல்ட் வெளியே போனது அப்படித்தான். அவர் சத்தத்துக்கு முன்பே பாய்ந்தது கண்ணாலேயே தெரிந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆலன் விஷயத்தில் கண் எதையும் காட்டவில்லை, கருவி மட்டுமே சொன்னது. அவர் ஆட்சேபத்தோடாவது ஓட அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. சான்றளிக்கப்பட்ட கருவி தவறு காட்டினால், அந்தக் கருவியே வெளிப்படையாகப் பிசகியது என்று நடுவர் கருதினாலொழிய விதி இடம் கொடுக்காது.

எங்கள் பள்ளி மைதானத்தில் முதல் லேன் பக்கம் நின்று துப்பாக்கிக்குப் பதில் கிளாப்பர் அடிப்பேன். எட்டாவது லேன் பையன் எட்டரை மீட்டர் தள்ளி நிற்பான், சத்தம் அவனை அடைய 0.025 விநாடி கூடுதலாக ஆகும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்கின் பின்னாலும் ஒலிபெருக்கி வைத்து அந்த வித்தியாசத்தையே அழித்துவிட்டார்கள். அத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள் கருவியின் பிழை எல்லையையும் கணக்கில் சேர்க்கலாமே.

இனி இத்தகைய செய்தி வரும்போது, 'வெடிக்கும் முன் ஓடினார்' என்பதையும் 'வெடித்து 0.1 விநாடிக்குள் உதைத்தார்' என்பதையும் பிரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், மதுரை