செப்டம்பர் மாசத்து ஸ்லிப்

கண்ணு,

பாப்பாவின் லோனுக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஸ்லிப்பையும் நேற்று ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டேன். பேங்க்கில் கடைசி மூன்று மாசத்தது கேட்டார்கள், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், சரியாகத்தான் அனுப்பியிருக்கிறாய். நைனாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. வெயில் குறைந்திருக்கிறது. மேட்டு வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது, அதைப் போனில் பேசலாம்.

சம்பள ஸ்லிப்பைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் என் கை சும்மா இருக்காது, உனக்கே தெரியும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் 22 வருஷம் வேஜஸ் செக்‌ஷனில் உட்கார்ந்த கை. கடைக்காரர் அடுத்த ஆளுக்கு ஆதார் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார், நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் தடவை தப்பு வந்தது. மேலே பேசிக் 15,000, வீட்டு வாடகைப் படி 6,000, போக்குவரத்து 1,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 7,500, ஆக 30,000. அதோடு நைட் ஷிப்ட் எட்டு ராத்திரிக்கு 150 வீதம் 1,200. மொத்தம் 31,200. பிடித்தம் 8,530. கழித்தால் 22,670 வரணும். ஆனால் ஸ்லிப்பின் அடியில் 20,670 என்று போட்டிருக்கிறது, உன் அக்கவுண்டில் ஏறியதும் அதுதான்.

சரியாக இரண்டாயிரம் உதைத்தது. இந்த மாதிரி முழு ஆயிரமாக உதைத்தால் அது நாள் கணக்காகவும் இருக்கலாம். 30,000-ஐ 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஆயிரம், அப்போது இரண்டு நாள். அப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஸ்லிப்பில் இரண்டு பத்தி இருக்கிறது. இடது பத்தியில் இருப்பது முழு மாசம் வேலை செய்தால் வரக்கூடியது, அதற்குப் பக்கத்துப் பத்தியில் இருப்பதுதான் நீ நிஜமாகச் சம்பாதித்தது. 28 நாளுக்கு பேசிக் 14,000, வாடகைப் படி 5,600, போக்குவரத்து 1,400, ஸ்பெஷல் 7,000, ஆக 28,000. நைட் ஷிப்ட் படியை நாள் கணக்கில் குறைக்க மாட்டார்கள், அது வேலைக்குப் போன ராத்திரிக்குத்தான், அதனால் 1,200 அப்படியே. 29,200. அதில் 8,530-ஐக் கழித்தால் 20,670, பைசா சுத்தம். எங்கள் செக்‌ஷனிலும் புதுசாக வருகிற பிள்ளைகள் இங்கேதான் விழும். முழு மாசத்துப் பத்தியைக் கூட்டிவிட்டு, லீவுக்கான பணத்தைப் பிடித்தத்தில் தேடும். சம்பளமில்லா லீவு பிடித்தத்தில் வராது கண்ணு, வரவிலேயே குறைந்து போய்விடும். இரண்டு இடத்திலும் கழித்திருந்தால்தான் சண்டை போட வேண்டும். உன்னுடையதில் ஒரே இடத்தில்தான் கழித்திருக்கிறார்கள்.

பி.எஃப். பார்த்தாலே இது தெரிந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. உன் கம்பெனியில் பேசிக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கிறார்கள். ஜூலையில் 1,800, ஆகஸ்டில் 1,800, செப்டம்பரில் மட்டும் 1,680. 1,680-ஐ 12-ஆல் வகுத்து நூறால் பெருக்கு, 14,000 வரும். பேசிக் 14,000 என்றால் 28 நாள். பி.எஃப். தொகையை வைத்தே ஆள் எத்தனை நாள் வேலைக்கு வந்தான் என்று சொல்லிவிடலாம், வருகைப் பதிவேடே வேண்டாம். எல்லாக் கம்பெனியிலும் இது நடக்காது, பேசிக் 15,000-க்கு ரொம்ப மேல் இருந்தாலும் 15,000-க்கு மட்டும் பிடிக்கிற இடத்தில் இரண்டு நாள் லீவு போட்டாலும் 1,800 அசையாமல் நிற்கும். எங்கள் கம்பெனியில் இன்னொரு வம்பு, ஒரு நாள் கூலியை 26-ஆல் வகுப்பார்கள், ஞாயிறு கணக்கில் சேராது. அப்படிப் போட்டிருந்தால் உனக்கு ஒரு நாளைக்கு 1,153 ரூபாய் 85 காசு போயிருக்கும். எதால் வகுக்கிறார்கள் என்று எங்கே சேர்ந்தாலும் முதல் மாசமே கேட்டுவிடு என்று உனக்கு அப்போதே சொன்னேன். கேட்டாயா?

சரி, இரண்டு நாள் லீவு. எந்த இரண்டு நாள்? உடம்பு கிடம்பு சரியில்லையா? லீவு போட்டவன் இங்கே வந்திருக்கலாமே. பிள்ளையார் சதுர்த்திக்கு வேலை இருக்கிறது என்றாய், நானும் கொழுக்கட்டையைப் பாப்பாவுக்கும் நைனாவுக்கும் மட்டும் பிடித்தேன். சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காட்பாடி. சாப்பாட்டை மட்டும் விடாதே. நைட் ஷிப்ட் முடிந்து டீயும் பன்னும் தின்றுவிட்டுப் படுக்காதே.

உன் பெயர் ஸ்லிப்பில் அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் கடைக்காரரிடம் "என் பையன்" என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் சேரும்போது என்னுடைய ஒரு மாசத்துச் சம்பளம் உன் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு.

செப்டம்பரில் ஏன் குறைவு என்று போனில் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "பி.எஃப்., புரொபஷனல் டாக்ஸ், லீவு எல்லாம் சேர்ந்து போச்சும்மா" என்றாய். அதைத்தான் நான் ராத்திரி உட்கார்ந்து ஜூலை ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூலையிலும் எட்டு நைட் ஷிப்ட், 31,200 வரவு. பி.எஃப். 1,800, கேன்டீன் 600, கைக்கு 28,800. செப்டம்பரில் 20,670. எட்டாயிரத்து நூற்று முப்பது குறைவு. அதை நீ சொன்ன காரணமாகப் பிரித்தேன். லீவு இரண்டாயிரம், ஆனால் லீவு போட்டதால் பி.எஃப். 120 குறைந்திருக்கிறது, ஆகவே லீவால் நிஜமாகக் கையில் குறைந்தது 1,880-தான். புரொபஷனல் டாக்ஸ் 1,250, அதை நான் ஒத்துக்கொள்கிறேன், நம் ஊர்ப் பக்கம் அது ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான், உன் கம்பெனியில் செப்டம்பரில் மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள், மறுபடி மார்ச்சில் வரும், அந்த மாசம் கையைக் கொஞ்சம் இறுக்கிக்கொள். இரண்டையும் கூட்டினால் 3,130. பி.எஃப். கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது. கேன்டீன் அதே 600. இன்கம் டாக்ஸ் உன் சம்பளத்துக்கு இல்லை, அந்தக் கட்டம் காலி.

8,130-இல் 3,130 போனால் 5,000.

பிடித்தப் பக்கத்தில் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது, `SAL ADV` என்று. ஆகஸ்டிலும் 5,000 இருக்கிறது. ஜூலையில் அந்த வரியே இல்லை. அட்வான்ஸ் வாங்குவது குற்றமில்லை, எங்கள் கம்பெனியில் பொங்கலுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஆனால் ஒரு விஷயம், ஸ்லிப்பில் இந்த மாசம் பிடித்தது மட்டும்தான் இருக்கிறது, மொத்தம் எவ்வளவு வாங்கினாய், பாக்கி எவ்வளவு என்று இல்லை. அட்வான்ஸ் என்றால் பாக்கியும் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் தவணை முடிந்த பிறகும் ஒரு மாசம் கூடப் பிடித்துவிடுவார்கள், சிஸ்டத்தில் நிறுத்த யாராவது மறந்தால் போதும். அப்படி மறந்து நானே ஒருத்திக்கு இரண்டு மாசம் பிடித்திருக்கிறேன், அப்புறம் அரியராகப் போட்டுக் கொடுத்தோம். நீ தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. ஹெச்.ஆர்.-இடம் பாக்கி எவ்வளவு என்று மெயிலில் கேட்டு வாங்கு, வாயால் கேட்காதே. எழுதி வை. கட்டாயம் எழுதி வை.

பேங்க்காரரும் அந்த வரியைப் பார்ப்பார். கைக்கு வருகிற தொகையை வைத்துத்தான் தவணை தாங்குமா என்று பார்ப்பார்கள், அட்வான்ஸ் இல்லாவிட்டால் அது 25,670. பாப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நைனா கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு "பையன் நல்லாத்தான் வாங்குறான்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஆமாம் என்று சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் கம்பெனியில் ஆறாயிரம் அட்வான்ஸ் வாங்கினேன், சின்ன மாமாவுக்காக, எதற்கென்று உனக்கே புரியும். மாசம் அறுநூறு, பத்து மாசம். அப்போதெல்லாம் கவரில் பணம், அதோடு நீளவாக்கில் ஒரு துண்டுச் சீட்டு, மேல்பாதி வரவு, கீழ்பாதி பிடித்தம். பஸ் ஸ்டாண்டில் நின்று ஸ்கேலை வைத்த மாதிரி கீழ்பாதியைக் கிழித்துவிட்டு மேல்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவேன். நைனா ஒரு மாசம்தான் கேட்டார், மேலே இவ்வளவு போட்டிருக்கு, கவரில் குறையுதே என்று. இப்போது பி.எஃப். நிறைய பிடிக்கிறார்கள் என்றேன். நீ சொன்ன அதே வார்த்தை. அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, நம்பிவிட்டார், நான்காவது மாசம் டிவிஎஸ் ஃபிஃப்டியை விற்றுவிட்டு கஸ்பாவுக்கு சைக்கிளில் போனார். வண்டி ரிப்பேர் செலவு அதிகம் என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, ரிப்பேர் எதுவும் இல்லை. ஊராருக்கெல்லாம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுகிறவள், சொந்த வீட்டில் பாதிச் சீட்டைக் காட்டினேன். இன்றைக்கு அந்த முட்டியைத் தேய்த்துவிடும்போதெல்லாம் அந்த சைக்கிள் ஞாபகம்தான்.

நீ கிழிக்கவில்லை, முழு ஸ்லிப்பையும் அனுப்பினாய். பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினாயோ என்னவோ.

எதற்கு வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆரணிக்காரர் விஷயமாக மட்டும் இருக்கக் கூடாது. இன்னும் எத்தனை ஐயாயிரம் பாக்கி என்று ஒரே ஒரு நம்பர் அனுப்பு, அது போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம். என்னிடம் சீட்டுப் பணம் தையில் வருகிறது. நைனா போனைப் பார்ப்பார், அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் அனுப்பு.

அம்மா