வைகாசிச் சடங்குக்கு முன் கோப்பைகளைப் பற்றி ஒரு மடல்

படுவான்கரைக் கோயில்களின் வண்ணக்கர் ஐயாமாருக்கும் பரிபாலன சபையினருக்கும் வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடியில் சோறு சாப்பிடுகிற எவர்சில்வர் கோப்பைகளை வாடகைக்கு விடுகிறவள். கதிரைக்கும் கூடாரத்துக்கும் மணவறைச் சோடனைக்கும் நம் பக்கத்தில் ஆள் தட்டுப்பாடு இல்லை. கோப்பையைக் கொண்டுவந்து, அங்கேயே நின்று கழுவி, எண்ணி ஏற்றிக்கொண்டு போகிற வேலைக்குத்தான் ஆள் குறைவு. எங்கள் ஒழுங்கையில் உள்ள ஐந்து பெண்களோடு சேர்ந்து அதை நான் செய்கிறேன். கல்யாண வீட்டுக்கும் முப்பத்தொராம் நாளுக்கும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். கோயில் அன்னதானத்துக்கு மட்டும் இன்னமும் பொலித்தீன் லன்ச் சீற்தான் வருகிறது.

லன்ச் சீற்றுக்கு 2017 செப்டம்பர் 1ஆம் திகதியே தடை வந்துவிட்டது. ஒருதரம் பாவித்து எறிகிற பிளாஸ்டிக் கோப்பை, கப், கரண்டிகளையும் 2023 ஒக்டோபரில் தடை செய்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கோப்பை வாடகையை விட லன்ச் சீற் மலிவு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் கோயில் வீதியில் நின்று பார்த்திருக்கிறேன். சோறும் பருப்பும் ஒட்டிய சீற்றை மாடு அப்படியே விழுங்குகிறது. வயிற்றில் போனது வெளியே வராது. மாடு வளர்க்கிற ஊர்க்காரர் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

போன வருடம் படுவான்கரையில் ஒரு அம்மன் கோயிலின் குளிர்த்தி நாளுக்கு முதன்முறையாக எங்களைக் கூப்பிட்டார்கள். 1,800 பேருக்குச் சாப்பாடு. அதற்கு 1,800 கோப்பை வேண்டும் என்று சபையில் ஒருவர் நினைத்து, வாடகையைப் பெருக்கிப் பார்த்துப் பயந்துவிட்டார். அவ்வளவு தேவையில்லை. பந்திக்கு 200 பேர் இருந்தால், ஒரு 200 கோப்பை பந்தியில் இருக்கும், இன்னொரு 200 கழுவுமிடத்தில் இருக்கும், மற்ற 200 கழுவிக் காய்ந்து அடுத்த பந்திக்குத் தயாராக இருக்கும். ஆக 600 போதும். ஆறு பேர் வரிசையாக நின்றால் 200 கோப்பையை அரை மணித்தியாலத்தில் கழுவி எடுக்கலாம். ஒரு பந்தி எழும்பவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். ஒன்பது பந்தி, நாலரை மணித்தியாலம். 600 கோப்பையை ஒரு பட்டா லொறியில் ஏற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் கொண்டுபோய்விட்டோம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன பவுசர் இரண்டு மணிக்குத்தான் வந்தது. அதுவரை கிணற்றில் வாளியால் அள்ளினோம். குடிக்கவும் கை கழுவவும் அதே கிணறுதான். மூன்றாம் பந்தி எழும்பியபோது கழுவாத கோப்பை எங்கள் முன்னால் மலையாகக் குவிந்திருந்தது. யாரோ ஒரு பொடியன் கடைக்கு ஓடி லன்ச் சீற் கட்டு வாங்கிவந்து, கழுவாத கோப்பையின் மேலேயே விரித்துப் பந்தியில் வைக்கத் தொடங்கினான். அதைப் பார்த்து நின்றது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. அம்மன் சந்நிதியில் ஒரு பிள்ளைக்கு அப்படிச் சோறு போட்டிருக்கக் கூடாது.

கழுவுவதற்கு ஒரு கோப்பைக்கு ஒரு லீற்றர் என்று வையுங்கள். 1,800 பேருக்கு 2,000 லீற்றர், அதாவது இரண்டு 1,000 லீற்றர் தாங்கி. குடிதண்ணீரையும் கை கழுவும் தண்ணீரையும் இதில் சேர்க்க வேண்டாம். தாங்கி முதல்நாள் பின்னேரமே நிரம்பி இருக்க வேண்டும், அன்று காலை என்றால் நான் இனி நம்பமாட்டேன். அப்புறம், சோறு வடித்த அடுப்பில் தணல் கிடக்கும்போதே ஒரு கிடாரம் தண்ணீரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். தேங்காய்ப்பால் கறியின் நெய்ப்பு பச்சைத் தண்ணீருக்குப் போகாது. கோப்பை மினுங்கினாலும் மேலே ஒரு மெல்லிய படை இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கழுவிய கோப்பையைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் நெய்ப்பு போகவில்லை, திரும்பச் சுடுதண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகக் குளோரின் கலந்த தண்ணீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துகிறோம். 50 லீற்றருக்கு 5 வீதத் திரவக் குளோரின் 100 மில்லிலீற்றர். பிறகு கவிழ்த்து வைத்துக் காற்றில் காயவிடுவோம். சீலையால் துடைக்க மாட்டோம், யாராவது உதவிக்கு வந்து துடைத்தாலும் நிறுத்திவிடுவேன். இருநூறு கோப்பையைத் துடைத்த சீலை, கழுவாத கோப்பையை விட மோசம். கழுவின தண்ணீர் போக, கிணற்றிலிருந்து தூரமாக ஒரு குழி வெட்டித் தாருங்கள். மணல் நிலமென்றால் இன்னும் தூரமாக வெட்டுங்கள், மணல் அழுக்குத் தண்ணீரை அவ்வளவாகத் தடுத்து வைக்காது.

இனி எண்ணிக்கை. அன்றைக்கு இரவு எண்ணும்போது 64 கோப்பை குறைந்தது. சபையார் சங்கடப்பட்டார்கள், சனம் எடுத்துப் போயிருக்கும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடிய எச்சில் குழியை மண்வெட்டியால் கிளறினோம். 41 கோப்பை சோற்றோடு கிடந்தன. லன்ச் சீற்றுக்குப் பழகிய கை, சாப்பிட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழிக்குள் வீசியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது கோப்பை பக்கத்து வீடுகளிலிருந்து தாமாகவே வந்தன, நோயாளிக்குச் சோறு கொண்டுபோன கோப்பைகள். அடியில் பெயர் வெட்டியிருந்ததால் கொண்டுவந்து தந்தார்கள். கடைசியில் இல்லாமல் போனது 14 மட்டும்.

ஆகவே எச்சில் பீப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தித் தாருங்கள். மிச்சத்தைத் தட்டி, கோப்பையைக் கையில் வாங்கி அடுக்குவது மட்டும்தான் அவருடைய வேலை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரியவராக இருந்தால் நல்லது, அவர் கையை நீட்டினால் யாரும் குழியில் வீசமாட்டார்கள். அந்தக் கோயிலுக்குப் பிறகு மூன்று வீடுகளில் இப்படிச் செய்தோம். மூன்றிலும் ஒரு கோப்பைகூடக் குறையவில்லை.

கோப்பை இறக்கும்போதும் ஏற்றும்போதும் சபையிலிருந்து ஒருவர் என்னோடு நின்று எண்ணிக் கையொப்பமிட வேண்டும். குறைகிற கோப்பைக்கு நான் வாங்கிய விலையை மட்டும் கேட்கிறேன், அதற்குமேல் தண்டம் இல்லை.

எனக்குத் தீர்க்க முடியாத ஒன்று திகதி. வைகாசிப் பூரணையை ஒட்டி எத்தனையோ அம்மன் கோயில்களில் ஒரே கிழமையில் குளிர்த்தி வருகிறது. என்னிடம் இருப்பது 900 கோப்பைதான், கழுவத் தெரிந்த கை ஐந்தாறு சோடி. இரண்டு பெரிய அன்னதானத்தை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டால் இரண்டும் கெடும். ஆனால் நாலைந்து சபைகள் சேர்ந்து ஆளுக்கு 200 கோப்பை வாங்கிப் பெயர் வெட்டி வைத்தால், உங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். வாடகை எனக்குக் குறையும், பரவாயில்லை. கழுவுகிற வேலைக்கு எங்களைக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் ஊர் மாதர் சங்கத்துப் பெண்களுக்கு ஒருநாள் வந்து பழக்கிவிடுகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

பங்குனி முடிவதற்குள் சபைக் கூட்டத்தில் பேசி, சடங்குத் திகதியையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லியனுப்புங்கள். தாங்கி எங்கே வைக்கலாம், குழி எங்கே வெட்டலாம் என்று பார்க்க ஒருநாள் முன்கூட்டியே வருவேன்.

இப்படிக்கு,
கோப்பை வாடகைக்கு விடும் ஒருத்தி,
களுவாஞ்சிகுடி